உணவுப் பாதுகாப்புத் தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சியாளர்களுக்கும், கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கும் வணக்கம்.

தெருவோரம் சமைத்து விற்பவர்களுக்கு நீங்கள் அரை நாள் வகுப்பு எடுத்து, கடைசியில் ஒரு தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறீர்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் தொடங்கிய ஃபோஸ்டாக் பயிற்சி அது. வகுப்பைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. தேர்வைப் பற்றி ஒன்று இருக்கிறது. மனுவாக எழுதினால் கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதால் கதையாக எழுதுகிறேன். நான் உணவு ஆய்வகம் ஒன்றில் நுண்ணுயிர்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கதையில் வரும் செல்வி ஒரே ஆள் இல்லை. தள்ளுவண்டிக்காரர்கள் பலரிடம் பார்த்ததையும் கேட்டதையும் ஒருத்தி மேல் ஏற்றியிருக்கிறேன்.

செல்வியின் அம்மா கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் மதியம் கலந்த சாதம் விற்கிறாள். லெமன் சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு, ஊறுகாய், அப்பளம். பதினொன்றரைக்கு வண்டி வந்து நின்றால் மூன்று மணிக்கு அண்டா காலியாகிவிடும். பயிற்சிக்கு வரச் சொல்லித் தகவல் வந்தபோது ஃபோஸ்டாக் என்பதை அம்மா சுங்கச்சாவடி ஸ்டிக்கர் என்று நினைத்துக்கொண்டு, "நம்ம வண்டிக்கு எதுக்குடி அது?" என்றாள். விஷயம் புரிந்ததும், "பரீட்சையெல்லாம் எனக்கு ஆகாது. ப்ளஸ் டூ முடிச்சவ நீதானே, நீ போ" என்று மகளைத் தள்ளிவிட்டாள்.

செல்விக்குப் பரீட்சை புதிதில்லை. ஆனால் பள்ளிப் பரீட்சையில் தோற்றால் அது அவளோடு போகும். இதில் தோற்றால் வண்டியில் கை வைப்பார்களோ என்று பயம். அப்படியெல்லாம் ஒரு நாளில் ஆகிவிடாது என்று அவளுக்குச் சொல்ல யாரும் இல்லை. முந்தின இரவு பெரிய வெங்காயம் நறுக்கும்போது விரல் வேறு வெட்டிக்கொண்டது. அம்மா மஞ்சளை அப்பிவிட்டாள். அந்த மஞ்சள் விரலோடுதான் வகுப்பு நடந்த மண்டபத்துக்குள் போனாள். வாசலில் ஒரு வெள்ளைத் தொப்பியும் ஏப்ரனும் கொடுத்தார்கள். எதிர் வரிசையில் பானிபூரி வண்டிக்காரர், பக்கத்தில் கறி வறுத்து விற்கும் அக்கா, பின்னால் ஜிகர்தண்டா பையன்கள் இரண்டு பேர்.

வகுப்பெடுத்த மேடம் நன்றாகவே எடுத்தார். கை கழுவுவது, பச்சைக் கறிக்கு வேறு பலகை, செய்தித்தாளில் பஜ்ஜி மடிக்கக் கூடாது என்பது, பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பது எல்லாம் வந்தன. குளிர்சாதனப் பெட்டியின் எந்தத் தட்டில் எதை வைப்பது என்பதற்குப் படம் போட்டு வெகுநேரம் எடுத்துக்கொண்டார். செல்வியின் வண்டியில் பெட்டி இல்லை. கறிக்கார அக்காவிடமும் இல்லை. ஆனாலும் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள், பரீட்சையில் வரும் என்று.

சோற்றைப் பற்றி மேடம் பேசியது இரண்டு நிமிடம் இருக்கும். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதால் வேகமாகச் சொன்னார். அரிசியிலேயே பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி வித்து வடிவத்தில் இருக்கும், கொதிக்க வைத்தாலும் அந்த வித்துச் சாகாது, சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகும், பெருகும்போது வாந்தி வரவைக்கும் நஞ்சு ஒன்றை விட்டுவைக்கும், அந்த நஞ்சு சூடு பண்ணினாலும் போகாது. அவ்வளவுதான். அடுத்த படம் வந்துவிட்டது.

செல்விக்கு அடுத்த படம் கண்ணில் படவில்லை. போன சித்திரையில் நடந்த ஒன்று ஞாபகத்துக்கு வந்துவிட்டது. லேத்துப் பட்டறையில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் பன்னிரண்டு மணிக்குத் தேங்காய் சாதம் பார்சல் வாங்கினார். வேலை மும்முரத்தில் அதை மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு நாலு மணிக்குச் சாப்பிட்டிருக்கிறார். ஆறு மணிக்குள் நிற்காத வாந்தி. மறுநாள் வண்டி முன்னால் வந்து கத்தினார். அம்மா, "நல்லா இருந்த சோறுப்பா, நானே அதைத்தான் சாப்பிட்டேன், கெட்ட வாடை ஒண்ணும் இல்லியே" என்று அழுதாள். அவரும் வாடை இல்லை என்பதை ஒத்துக்கொண்டார். அதனால்தான் இரண்டு பேருக்கும் குழப்பம்.

அந்தச் சோற்றில் மிச்சம் எடுத்து யாரும் சோதிக்கவில்லை. எனவே இதுதான் காரணம் என்று ஆய்வகத்தில் இருந்த நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சாப்பிட்டு அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் காய்ச்சல் இல்லாமல் வாந்தி வந்தால், சாப்பிட்டது சோறு என்றால், நாங்கள் முதலில் சந்தேகப்படுவது இந்த நஞ்சைத்தான். இதற்கு வாடை கிடையாது, ருசியும் மாறாது. மோந்து பார்க்கும் அம்மாவின் மூக்கு வேறு பல கெடுதலைக் கண்டுபிடிக்கும், இதைக் கண்டுபிடிக்காது.

சரி, தேர்வுக்கு வருகிறேன்.

தாள் கையில் வந்தபோது செல்விக்கு உள்ளங்கை நனைந்துவிட்டது. ஏப்ரனில் துடைத்தாள். துடைத்த பிறகுதான் ஏப்ரனில் கை துடைக்கக் கூடாது என்று காலையில் சொன்னது ஞாபகம் வந்தது. மேடம் பார்த்துவிட்டாரா என்று திரும்பிப் பார்த்தாள். முதல் கேள்வி, கிருமி வேகமாகப் பெருகும் வெப்பநிலை எது. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ். தெரியும். அடுத்தது பச்சைக் கறி பெட்டியில் எந்தத் தட்டில். கீழ்த் தட்டு. பெட்டியே இல்லாதவள் சரியாக எழுதினாள். அப்புறம் கையில் வெட்டுக்காயம் உள்ளவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒன்று. மஞ்சள் விரலை மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டு, நீர் புகாத கட்டுப் போட்டு அதன் மேல் கையுறை என்பதற்கு டிக் அடித்தாள்.

அதற்கடுத்த கேள்வியில் நின்றுவிட்டாள். சமைத்த உணவை மறுபடி சூடாக்கும்போது அதன் உட்பகுதி எத்தனை டிகிரியை எட்ட வேண்டும்? 45, 60, 75, 100.

75 என்று அவளுக்குத் தெரியும். நோட்டில் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தாள். ஆனால் கை போகவில்லை. இரண்டு நிமிடத்தில் மேடம் சொன்னது உண்மை என்றால், நாலு மணிக்கு அந்த அண்ணன் தேங்காய் சாதத்தை 75 டிகிரிக்குச் சூடு பண்ணிச் சாப்பிட்டிருந்தாலும் வாந்தி எடுத்திருப்பார் அல்லவா? அப்படியென்றால் 75 என்று எழுதுவது சரியா? இது கண்ணி வைத்த கேள்வியோ? அப்படி இருந்தால் சரியான விடை எது, 100-ஆ? பக்கத்து அக்கா ஏற்கெனவே தாளைத் திருப்பிவிட்டாள். செல்விக்கு வயிற்றைப் பிசைந்தது.

கடைசியில் கையைத் தூக்கினாள். கண்காணிப்புக்கு நின்ற சார் வந்தார்.

"சார், இந்தச் சாப்பாடு சூடு பண்றதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் வெளியில இருந்துச்சு சார்?"

அவர் கேள்வியைப் படித்துப் பார்த்தார். "அது கேள்வியில இல்லம்மா. டிகிரிதான் கேட்டிருக்காங்க. தெரிஞ்சா டிக் பண்ணு, இல்லேன்னா விட்டுட்டு அடுத்ததுக்குப் போ."

"தெரியும் சார். ஆனா நேரம் தெரியாம..."

"டைம் ஆச்சும்மா."

75-க்கு டிக் அடித்தாள். அது சரியான விடை. தேறியும்விட்டாள். சான்றிதழ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவள் அம்மாவிடம் அதைக் காட்டுவதற்கு முன்னால், "ம்மா, நாம சோறு எத்தனை மணிக்கு வடிக்கிறோம்?" என்று கேட்டாள். "இது என்னடி கேள்வி, ஏழு மணிக்குத்தான்" என்றாள் அம்மா.

கதை இவ்வளவுதான். இனி உங்களிடம் பேச வேண்டியது.

சார் சொன்னதில் தவறில்லை. கேள்வியில் நேரம் இல்லை. என் குறையும் அதுதான். தெருவோரத்தில் சமைப்பவரிடம் வெப்பமானி கிடையாது, பெட்டி கிடையாது. அவரிடம் இருக்கும் ஒரே அளவுகோல் கடிகாரம். செல்போனில் மணி பார்க்க எல்லோருக்கும் தெரியும். அதை வைத்துக் கேட்க வேண்டியதைக் கேட்காமல், அவரிடம் இல்லாத கருவிகளின் எண்களையே கேட்கிறோம். 75 என்ற எண் பொய்யில்லை, உயிரோடிருக்கும் கிருமியை அந்தச் சூடு கொல்லும். ஆனால் ஏற்கெனவே உருவாகிவிட்ட நஞ்சை ஒன்றும் செய்யாது. 75-ஐ மட்டும் மனப்பாடம் செய்தவர், பழைய சோற்றை நன்றாகச் சூடு பண்ணினால் போதும் என்ற நம்பிக்கையோடுதான் வீட்டுக்குப் போவார்.

செல்வியின் அம்மாவுடைய ஒரு நாளை மணிவாரியாகப் பாருங்கள். ஏழு மணிக்குச் சோறு வடிகிறது. தாம்பாளங்களில் மெல்லியதாகப் பரப்பி நல்லெண்ணெய் விட்டு ஆறவைக்கிறாள். உதிரியாக வருவதற்காகச் செய்வது அது. ஆனால் பாதுகாப்புக்கும் அதுவே நல்ல பழக்கம். அண்டாவிலேயே மொத்தமாக விட்டால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும், அந்த வித்து முளைக்க அதைவிடத் தோதான இடம் இல்லை. பரப்பினால் அரை மணி, முக்கால் மணியில் ஆறிவிடும். ஆனால் எதுவரை ஆறும்? சென்னையில் சித்திரை மாதம் அறையே 35 டிகிரி. அந்தக் கிருமி மிக வேகமாகப் பெருகுவது 30-க்கும் 40-க்கும் இடையில். ஆக, சோறு ஆறியதும் நேரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. ஏழரையிலிருந்து எண்ணுங்கள். முதல் வாடிக்கையாளர் வரும் பதினொன்றரைக்கு நாலு மணி நேரம். கடைசி ஆள் சாப்பிடும் மூன்று மணிக்கு ஏழரை மணி நேரம். பார்சல் வாங்கி நாலு மணிக்குப் பிரித்தவருக்கு எட்டரை.

சூட்டிலோ குளிரிலோ வைக்க முடியாத உணவுக்கு வேறு நாடுகளில் நேரத்தைத்தான் வரம்பாக வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இரண்டு மணி நேரம், நாலு மணி நேரம் என்று ஒரு முறை உண்டு: இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் பெட்டியில் எடுத்து வைக்கலாம், நாலு மணி நேரம்வரை உடனே சாப்பிடலாம், அதற்கு மேல் குப்பைக்கு. அமெரிக்காவின் மாதிரி உணவு விதிகளிலும் அந்த நாலு மணி நேரம் இருக்கிறது. சிங்கப்பூரில் விருந்துக்குச் சமைத்து அனுப்புபவர்கள் எந்த நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்று பொட்டலத்தில் ஒட்டியே அனுப்ப வேண்டும். நாலு மணி நேரத்தைத் தாண்டிய நொடியில் சோறு விஷமாகிவிடும் என்பது இதன் பொருள் அல்ல. சந்தேகத்துக்கு இடம் வைத்துப் போட்ட கோடு அது. ஆனால் ஏழரை மணி நேரம் என்பது அந்தக் கோட்டிலிருந்து வெகு தூரம்.

அப்படியானால் அம்மா கடையை மூடிவிடலாமா என்றால், வேண்டியதில்லை. நேரத்தை நகர்த்தினால் போதும். ஏழு மணிக்கு வடிப்பது ஏன் என்று செல்வி கேட்டபோதுதான் காரணம் வந்தது. ஆறு மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரும், பையன் பள்ளிக்கூடம் போக வேண்டும், அடுப்புப் பற்றிக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் முடித்துவிடுவது வழக்கம். சோறுதான் கடைசியில் வர வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. கடலை வறுப்பது, தாளிப்பு, எலுமிச்சை பிழிவது எல்லாம் காலையில் முடியட்டும். சோறு பத்தரைக்கு வடியட்டும். தேங்காயையும் அப்போதே துருவிக்கொள்ளலாம். அதோடு, வடித்த சோற்றில் ஒரு பாதியை ஆறவைக்காமல் சூடு தாங்கும் ஹாட் பாக்ஸில் ஆவி பறக்க மூடி வைத்து, ஒரு மணிக்கு அதை எடுத்துக் கலந்தால், இரண்டாம் பாதிக்கு நேரம் ஒரு மணியிலிருந்துதான் ஓடும். மூடிய பெட்டி 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் தாக்குப்பிடிக்கிறதா என்பதை மட்டும் ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாச் சாதமும் ஒன்றல்ல என்பதையும் வகுப்பில் சொல்லுங்கள். புளிப்பு ஏற ஏற இந்தக் கிருமி தளர்ந்துவிடும். லெமன் சாதத்தில் சாறு தாராளமாக இருந்தால் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. தேங்காய் சாதத்துக்கு அந்த இடம் கிடையாது, மூன்றிலும் முதலில் விற்றுத் தீர வேண்டியது அதுதான். தயிர் சாதம் ஏமாற்றும். சீக்கிரம் புளிக்கக் கூடாது என்று பால் ஊற்றிப் பிசைந்து, தயிரைப் பேருக்கு ஒரு கரண்டி விடுகிறார்கள். வாடிக்கையாளருக்கு அந்த ருசிதான் பிடிக்கிறது, தெரியும். ஆனால் அது தயிர் சாதமாக ஆகும்வரை பால் சோறுதான். புளிப்பு தரும் பாதுகாப்பு அதற்கு இன்னும் வந்திருக்காது.

இவற்றில் ஒன்றைக்கூட ஒரு டிகிரிக் கேள்வியால் கேட்டுவிட முடியாது. கதையாகத்தான் கேட்க வேண்டும். உதாரணத்துக்கு ஒன்று: "காலை 7 மணிக்கு வடித்த சோற்றில் கலந்த தேங்காய் சாதம் மதியம் 3 மணிக்கு மீதம் இருக்கிறது. வாடை நன்றாக இருக்கிறது. என்ன செய்வீர்கள்? நன்றாகச் சூடாக்கி விற்பேன், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன், கொட்டிவிடுவேன், நாளைச் சோற்றோடு கலப்பேன்." இந்த நாலில் எதற்கு எத்தனை பேர் டிக் அடிக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் வகுப்பு வேலை செய்ததா இல்லையா என்று அதிலேயே தெரிந்துவிடும். வீட்டுக்கு எடுத்துப்போவதை ஏன் சேர்த்தேன் என்றால், மீந்தது பெரும்பாலும் அங்கேதான் போகிறது.

இன்னொன்று பார்சலைப் பற்றி: "12 மணிக்குப் பார்சல் வாங்குபவரிடம் என்ன சொல்லிக் கொடுப்பீர்கள்?" ஒன்றரைக்குள் சாப்பிட்டுவிடுங்கள் என்று வாயால் சொல்வதற்குச் செலவே கிடையாது. பொட்டலத்தின் மேல் பேனாவால் நேரம் எழுதுவதற்கும் அப்படித்தான்.

வெப்பமானியை முழுக்க விட்டுவிடச் சொல்லவில்லை. படத்தில் காட்டுவதற்குப் பதிலாக, குத்திப் பார்க்கும் வகை ஒன்றைத் தேர்வு மேசையில் வையுங்கள். ஒரு ஹாட் பாக்ஸில் சூடான சோறும் ஒரு டம்ளரில் ஐஸ் தண்ணீரும் போதும். முதலில் ஐஸ் தண்ணீரில் விட்டு 0 காட்டுகிறதா என்று பார்க்கட்டும், காட்டாவிட்டால் அந்தக் கருவியை நம்பக் கூடாது என்பது அப்போதே புரியும். பிறகு சோற்றின் நடுவில், பாத்திரத்தின் அடியையோ ஓரத்தையோ தொடாமல் குத்தி, எண் ஓடி நின்ற பிறகு படிக்கட்டும். ஆளுக்கு ஒரு நிமிடம்தான் ஆகும். எழுதப் படிக்கத் தடுமாறும் செல்வியின் அம்மா மாதிரி ஆட்களும் இந்தத் தேர்வுக்கு மகளை அனுப்பாமல் தாங்களே வந்துவிடுவார்கள். சமைப்பவர் ஒருவர், சான்றிதழ் வேறொருவர் பேரில் என்ற நிலைமையால் யாருக்கும் பயன் இல்லை.

நேரம் போதாது என்று சொல்வீர்கள், அரை நாள்தான் கையில் இருக்கிறது. அந்தக் குளிர்சாதனப் பெட்டிப் படத்தைத் தள்ளுவண்டிக்காரர்கள் வகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள், பெட்டி வைத்திருக்கும் ஓட்டல்காரர்களுக்கு அதைக் காட்டிக்கொள்ளலாம். மிச்சமாகும் நேரம் சோற்றுக்குப் போதும்.

செல்வியின் சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். அவள் மறுபடி வந்து உட்காரும்போது, சாப்பாடு எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது என்பது கேள்வித்தாளிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாதிரிக் கேள்விகள் எழுதித் தர வேண்டுமென்றால் வந்து உட்கார நானும் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உணவு ஆய்வகப் பணியாளர் ஒருவர்,
சென்னை